நாலு மாதத்தில் 700 கிராம்தான்: நீரிழிவுள்ளவர் எதை அளக்க வேண்டும்?

வணக்கம் டொக்டர். எனக்கு 47 வயது, ஆசிரியை, உயரம் 154 செ.மீ. தைப்பொங்கல் முடிந்த கையோடு சீனி வருத்தம் என்று சொன்னார்கள். அப்போது வெறும் வயிற்றில் 196, எச்பிஏ1சி 9.1. காலையில் கிளிக்லசைட் 80 ஒன்று, காலையும் இரவும் மெற்போமின் 500 எடுக்கிறேன். அன்று தொடங்கி விடியப்புறம் அரை மணித்தியாலம் டச் பே கரையில் நடக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறேன். முந்தி மூன்று இடத்தில் நிற்பேன், இப்போது ஒரு இடத்தில்தான். சீனி போட்ட தேத்தண்ணியை விட்டாச்சு. போன கிழமை பார்த்தபோது வெறும் வயிற்றில் 128, எச்பிஏ1சி 7.4. இரவில் மூன்று தரம் சலம் கழிக்க எழும்பின நான் இப்போது ஒரு தரம்தான் எழும்புகிறேன். ஆனால் எடை 74.5 கிலோவில் இருந்து 73.8. அவ்வளவுதான்! பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே வருத்தம். அவ ஒன்றுமே செய்யாமல் 6 கிலோ மெலிந்துவிட்டா. எனக்குச் சில நாள் பதினொரு மணி போல கை நடுங்கி வியர்த்துக் கொட்டுது. பின்னேரம் ஒரே களைப்பு, மாதவிடாயும் அதிகம். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மெலியும் பவுடர் குடிக்கலாமா? சீனி குறைந்ததால் ஒரு குளிசையை நிறுத்தலாமா?
— உவர்மலை வாசகி

அன்பின் சகோதரிக்கு,

எடையைப் பற்றிப் பேசுமுன் அந்தப் பதினொரு மணி நடுக்கத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற அதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு முதலாவது விஷயம். கிளிக்லசைட் என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஐந்தரைக்கு நடந்து முடித்து, பள்ளிக்கூட அவசரத்தில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் என்று காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு குளிசையைப் போட்டால், இரண்டாம் மூன்றாம் பாடவேளைக்குள் சீனி கீழே இறங்குவதற்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது.

ஆகவே குளுக்கோமானியைப் பள்ளிக்கூடப் பையில் வையுங்கள். அடுத்த தரம் நடுங்கும்போது முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் அது சீனி இறங்கியதுதான். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பாருங்கள். இன்னும் 70க்கு மேலே வராவிட்டால் அதையே இன்னொரு தரம். ஏறியபிறகு ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். மானி கையில் இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்காமல் சீனித் தண்ணியைக் குடித்துவிடுங்கள். சீனி போடாத தேத்தண்ணி, சொக்லேட், பால் எல்லாம் அந்த நேரத்துக்கு உதவாது. சொக்லேட்டில் இருக்கும் கொழுப்பு சீனி ரத்தத்தில் சேர்வதையே தாமதப்படுத்தும்.

மானி 105, 110 என்று காட்டவும் கூடும். அதற்கும் பயப்பட வேண்டாம். பல மாதம் 200க்கு மேலேயே பழகிய உடம்பு, சரியான அளவுக்கு வரும்போதும் குறைந்துவிட்டது என்று எண்ணி நடுங்கும். சில கிழமைகளில் அது தானாக அடங்கும். இரண்டில் எது என்பதை மானிதான் சொல்லும். எண்ணையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள். 70க்குக் கீழே ஒரு தரம் வந்திருந்தாலே போதும், அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்காமல் முந்தியே போய்ச் சொல்ல வேண்டும்.

6 கிலோவும் 700 கிராமும்

அந்த அக்காவின் மெலிவைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். அவவைப் பரிசோதிக்காமல் காரணம் சொல்ல முடியாது. ஆனால் சீனி வருத்தம் உள்ள ஒருவர் ஒன்றும் செய்யாமல் 6 கிலோ இறங்கினால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அவருடைய சீனி கூடிப்போயிருக்கிறதா என்றுதான். அவவிடம் சொல்லி, கெதியாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இதில்தான் உங்கள் தராசின் மர்மமும் இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் திரும்ப உறிஞ்சி முடிக்க முடிவதில்லை. மிச்சம் சலத்தோடு போகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் வயிற்றிலேயே 196 இருந்த காலத்தில் நீங்கள் மூன்று தரம் எழும்பியது அதனால்தான். ஒரு கிராம் குளுக்கோஸ் 4 கலோரி. ஒரு நாளைக்கு 30 கிராம் அப்படிப் போனது என்று வைத்துக்கொண்டால், 120 கலோரி உங்களுக்குத் தெரியாமலே வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. சாப்பிடுவது உடம்பிலேயே தங்குகிறது. வற்றிக் கிடந்த உடம்பில் தண்ணீரும் திரும்பச் சேர்கிறது. நீங்கள் விட்ட சீனித் தேத்தண்ணியும் நடந்த நடையும் இந்தக் கணக்கோடு போட்டி போட்டு, மிஞ்சியதுதான் 700 கிராம். நீங்கள் நடக்காமல் குளிசையை மட்டும் போட்டிருந்தால் 2 கிலோ கூடியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. கிளிக்லசைட்டுக்கு எடையைச் சற்று ஏற்றும் குணம் வேறு இருக்கிறது.

இன்னொன்று, தராசு ஒரு நாளைக்கு ஒன்று சொல்லும். கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்ட அடுத்த நாள், மாதவிடாய்க்கு முந்தின கிழமை, வயிறு போகாத நாள் எல்லாம் ஒன்று ஒன்றரைக் கிலோ இப்படி அப்படி ஆடும். அதனால் 74.5, 73.8 என்ற இரண்டு தனி எண்களை வைத்துக்கொண்டு குறைந்தது என்றும் சொல்ல முடியாது, குறையவில்லை என்றும் சொல்ல முடியாது. கிழமையில் ஒரு நாள், காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிடுமுன், அதே தராசில் ஏறுங்கள். நாலு கிழமைச் சராசரியை அடுத்த நாலு கிழமைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தினமும் ஏறி இறங்குவது மனதைக் கெடுக்குமே தவிர வேறு பயன் இல்லை.

இடுப்பு: எங்கே அளப்பது?

நடக்கத் தொடங்கியவர்களில் முதலில் கரைவது பெரும்பாலும் ஈரலிலும் குடலைச் சுற்றியும் இருக்கும் கொழுப்பு. இன்சுலின் வேலை செய்வதைத் தடுப்பதும் அதுதான். கிலோக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது, இடுப்புச் சுற்றளவில் தெரியும். தொடக்கத்தில் நீங்கள் அளக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, உங்கள் உள்பாவாடை நாடா ஒரு சாட்சி. பழைய முடிச்சு விழுந்த இடத்தில் துணி நைந்திருக்கும். இப்போது முடிச்சு அதிலிருந்து எத்தனை விரல் தள்ளி விழுகிறது என்று பாருங்கள்.

இனிமேல் தையல் நாடாவால் அளக்கலாம். சேலை கட்டும் இடத்தில் அளந்தால் பிழைக்கும், அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். விலாப்பக்கம் கையை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தேடுங்கள், பிறகு இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி. நாடா அந்தப் புள்ளியின் வழியாக, தரைக்குச் சமாந்தரமாக, தோலை அமுக்காமல் சுற்றி வரவேண்டும். முதுகுப் பக்கம் நாடா கீழே சரிவது வழக்கம், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில் எண்ணைப் பாருங்கள். இரண்டு தரம் அளந்து சராசரி எடுங்கள். எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் பிசகும் என்பதால் மாதம் ஒரு தரம் போதும். 3 செ.மீ. குறைந்தால் நம்பலாம். தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் என்றாலே கூடுதல் என்று வைத்திருக்கிறார்கள். அந்த எண் உங்களுக்கு இப்போதைக்குத் தூரமாக இருக்கலாம், போகிற திசையைத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தச் சீனி சொல்லும் கதை

9.1 என்ற எச்பிஏ1சி, முந்தின இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி ஏறக்குறைய 214 என்பதைக் காட்டுகிறது. 7.4 என்றால் 166 அளவில். நாலு மாதத்தில் கிட்டத்தட்ட 50 இறங்கியிருக்கிறது. பிரித்தானியாவில் நீண்டகாலம் நடந்த யூ.கே.பி.டி.எஸ். என்ற நீரிழிவு ஆய்வின் 2000ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், எச்பிஏ1சி ஒவ்வொரு ஒன்று குறைவாக இருந்தவர்களுக்கும் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்ணிய ரத்தக் குழாய்ப் பாதிப்பு 37 வீதம் குறைவாக இருந்தது. உங்களுக்கு 1.7 இறங்கியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு "நடை சரிவரவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உங்கள் எண்களில் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. காலையில் 128, சராசரி 166. அப்படியென்றால் பகலில் எங்கேயோ நன்றாக ஏறுகிறது, பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு. பின்னேரக் களைப்பில் ஒரு பங்கு இதிலும் இருக்கக் கூடும். காலை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது அகப்படாது. பரிசோதனைப் பட்டி விலை கூடிய சாமான், தினமும் நாலு தரம் குத்தத் தேவையில்லை. கிழமைக்கு ஒரு சாப்பாட்டைத் தெரிவு செய்து, சாப்பிடுமுன் ஒரு தரம், முதல் வாய் வைத்ததில் இருந்து சரியாக இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தரம் பாருங்கள். இந்தக் கிழமை மத்தியானச் சோறு, அடுத்த கிழமை இரவுப் புட்டு, அதற்கடுத்தது இடியப்பமும் சொதியும். இரண்டு மணி எண் 180க்குக் கீழே இருப்பது நல்லது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சாப்பிடுமுன் 130, தட்டு நிறையச் சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 230 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கிழமை அதே மத்தியானம், அவித்த சோற்றை அளந்து ஒரு கோப்பை மட்டும். ஒரு கோப்பைச் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து இருக்கிறது, கூம்பாகப் போட்ட தட்டில் மூன்று கோப்பை சாதாரணமாக இருக்கும். குறைந்த இடத்தை வல்லாரைச் சம்பலாலும் பருப்பாலும் சூரை மீன் குழம்பாலும் நிரப்புங்கள். சாப்பிட்டு எழும்பி 15 நிமிடம் முற்றத்திலோ பள்ளிக்கூட விறாந்தையிலோ நடவுங்கள். இப்போது 170 என்று வந்தால் மாற்றம் வேலை செய்தது என்று உங்கள் விரலே சொல்லிவிடும். ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது வேலை செய்தது என்பதும் தெளிவாகத் தெரியும்.

மானியைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. வீட்டு மானிகளுக்கு 15 வீதம்வரை பிசகு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்று 128, நாளை 138 என்றால் அது ஏற்றமே அல்ல. மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்தினால் 300 கூடக் காட்டும். சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகத் துடைத்து, பிறகு குத்துங்கள். கடல்காற்று ஈரத்தில் பட்டிகள் கெதியில் பழுதாகும், டப்பா மூடியைத் திறந்து வைக்கக் கூடாது.

எச்பிஏ1சியும் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை இருந்தால், அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக் கூடும். மாதவிடாய் அதிகம் என்கிறீர்கள், பின்னேரம் களைப்பு என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழு ரத்த எண்ணிக்கையும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் பெரிட்டினும் செய்தே ஆகவேண்டும். ஈமோகுளோபின் குறைந்திருந்தால் களைப்புக்குப் பெரும்பங்கு காரணம் அதுதான், அதை எவ்வளவு நடந்தும் போக்க முடியாது. கூடவே தைரொயிட் பரிசோதனையும் செய்யலாம். மெற்போமின் பி12ஐக் குறைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை, ஆனால் வழக்கமாக வருடக்கணக்கில் எடுத்தபிறகு வருவது, நாலு மாதத்துக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. அளவுக்கு மீறிய ரத்தப்போக்கை இந்த வயதில் சும்மா விடவும் கூடாது. அதற்குத் தனியாகப் பெண்நோயியல் வைத்தியரைப் பாருங்கள்.

கோணேசர் ஏற்றமும் இரவுத் தூக்கமும்

மூன்று இடத்தில் நின்றவர் ஒரு இடத்தில் நிற்பது நல்ல அளவீடு. அதைச் சற்று ஒழுங்காகச் செய்தால் தராசைவிட நம்பகமாக இருக்கும். வெள்ளிக்கிழமை அதே நேரம், அதே செருப்பு, கோட்டை வாசலில் இருந்து கோயில் வாசல்வரை எத்தனை நிமிடம், எத்தனை தரம் நின்றீர்கள் என்று குறியுங்கள். மேலே போய்ச் சேர்ந்த உடனே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி நாலால் பெருக்குங்கள். உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பவும் எண்ணுங்கள். முதல் கிழமை 136இல் இருந்து 120க்கு வந்தது, இரண்டு மாதத்தில் 128இல் இருந்து 100க்கு வந்தது என்றால் இதயம் அதே மேட்டைக் குறைந்த உழைப்பில் ஏறி, கெதியாக ஆறுகிறது என்று அர்த்தம். மான்களுக்கு வாழைப்பழம் கொடுக்க நின்ற நேரத்தை மட்டும் கணக்கில் கழித்துவிடுங்கள்!

கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒப்பிட வேண்டாம். அந்தச் சூட்டில் யாருக்கும் நாடி கூடத்தான் அடிக்கும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு நாடிக் கணக்கு பொருந்தாது, அவர்கள் நிமிடத்தையும் நின்ற இடங்களையும் மட்டும் பார்க்கலாம். இன்னொரு முக்கியமான விஷயம், வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு வரும் கல் மத்தியானத்தில் கொதிக்கும். சீனி வருத்தத்தில் பாத உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கொப்புளம் போட்டது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். காலையிலேயே போய்விட்டு வந்து, இரவில் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பாருங்கள்.

ஏறும் வலு கிழமைக்குக் கிழமை கூடாமல் திடீரென்று பின்னால் போனால் அதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். நீரிழிவுள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமல், வழக்கமில்லாத மூச்சுவாங்கலாகவும் குளிர் வியர்வையாகவும் தாடை, தோள் நோவாகவும் வரலாம். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்கார்ந்தவுடன் அடங்கினாலும், முந்தி இல்லாதது என்றால் அந்தக் கிழமைக்குள் ஈ.சி.ஜி. எடுங்கள்.

இரவில் எழும்புவது மூன்றில் இருந்து ஒன்றானதை நீங்கள் நன்மைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மேலே சொன்ன அந்த 180 எல்லையை இரவில் நீங்கள் தாண்டுவதில்லை என்பதற்கு இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. தூக்கம் முறியாமல் இருப்பது அடுத்த நாள் பசியையும் சீனியையும் சீராக வைக்கும். திரும்பவும் இரண்டு மூன்று தரம் எழும்பத் தொடங்கினால் அடுத்த நாள் காலையில் ஒரு தரம் குத்திப் பாருங்கள். எண் சரியாக இருந்தும் எழும்பினால் சலக்கடுப்பு, கால் வீக்கம், இரவு எட்டு மணிக்குப் பிறகு குடிக்கும் தேத்தண்ணி என்று தேட வேண்டும். அத்துடன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிக்கிறீர்களா? ஆம் என்றால், காலைத் தலையிடியும் பகல் தூக்கமும் சேர்ந்தால், அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். பின்னேரக் களைப்புக்கு அதுவும் ஒரு காரணம், அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

பவுடரும் குளிசையும்

எடை தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீரிழிவு பிடிபட்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை வைத்து ஸ்கொட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் ஆய்வில், ஒரு வருட முடிவில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 வீதமானவர்களுக்குக் குளிசை இல்லாமலே சீனி நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. 2017இல் வெளியான முடிவு அது. அவர்களும் பவுடரைக் கரைத்துத்தான் குடித்தார்கள், ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள், மூன்று தொடக்கம் ஐந்து மாதம். ஆனால் தொடங்கிய அன்றே அவர்களுடைய சீனிக் குளிசைகளையும் இரத்த அழுத்தக் குளிசைகளையும் வைத்தியர்கள் நிறுத்திவிட்டார்கள், ஒழுங்காக அழைத்துப் பார்த்தார்கள்.

நீங்கள் செய்ய நினைப்பது அதற்கு நேர்மாறு. கிளிக்லசைட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால், பதினொரு மணிக்கு வகுப்பில் வரும் நடுக்கம் இன்னும் பலமாக, ஆளில்லாத நேரத்தில் வரக்கூடும். கடையில் பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் மெலியும் பவுடர்களும் மாத்திரைகளும் வேறு கதை. அவற்றில் சிலவற்றுக்குள், இதயத்துக்குக் கேடு என்று 2010இல் பல நாடுகளில் சந்தையில் இருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் மறைவாகக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. பேதி மருந்து கலந்தவையும் உண்டு, அவை இறக்குவது தண்ணீரைத்தான். பவுடர் வேண்டாம். இரவுச் சாப்பாட்டை விடவும் வேண்டாம், குறையுங்கள். மூன்று நீற்றுப் பெட்டிப் புட்டுக்குப் பதில் அளந்து ஒரு கோப்பை, கூடக் கடலையோ முட்டையோ மீனோ, ஒரு சுண்டல்.

எடையில் இப்போதைக்கு 5 வீதத்தை இலக்காக வையுங்கள், உங்களுக்கு அது 3.7 கிலோ. ஆறு மாதம் எடுக்கட்டும். அதற்கு நடையோடு தசை வேலையும் வேண்டும். கைப்பிடி இல்லாத உறுதியான கதிரையில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எழும்பி உட்காருவதைப் பத்துத் தரம், ஓய்வு, திரும்பவும் பத்துத் தரம். கிழமைக்கு மூன்று நாள். 30 விநாடியில் எத்தனை தரம் எழும்ப முடிகிறது என்று மாதம் ஒரு தரம் எண்ணினால் தொடையின் வலு ஏறுவது எண்ணிலேயே தெரியும்.

குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். 128உம் 7.4உம் குளிசையோடு வந்த எண்கள், குளிசை இல்லாமல் அவை அங்கே நிற்கும் என்பதற்கு இன்னும் ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 70க்குக் கீழே எண் எழுதின கொப்பியோடு போனால், கிளிக்லசைட்டைப் பாதியாக்கலாமா அல்லது நிறுத்தி மெற்போமினைக் கூட்டலாமா என்று கிளினிக் வைத்தியரே யோசிப்பார். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், காலையில் இந்தக் குளிசை போட்டு பதினொரு மணிக்கு எனக்கு இவ்வளவு இருந்தது. அளவைக் குறைக்க முடியுமா? எடையைக் கூட்டாத வேறு குளிசை எனக்குச் சரிவருமா?" மெற்போமினைத் தொடர சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியற்றினினும் பார்க்க வேண்டும். சலத்தில் அல்புமின், கண்ணின் விழித்திரை இரண்டும் வருடத்துக்கு ஒரு தரம். இந்த வருடத்துக்குச் செய்யவில்லை என்றால் அதையும் அன்றே கேளுங்கள்.

அதுவரை குளிசை போடும் காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டும். இரண்டு துண்டு பாணும் ஒரு முட்டையும், அல்லது ஐந்து இடியப்பமும் பருப்பும், பள்ளிக்கூட வான் வருமுன் வாயில் போகவேண்டும். நடந்து வந்து வெறும் வயிற்றில் குளிசையைப் போடாதீர்கள், முதல் வாயோடு போடுங்கள். அடுத்த எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முந்திச் செய்ய வேண்டாம், காசுதான் போகும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை தொடங்கினால் அதை ஆய்வுகூடத்திலும் கிளினிக்கிலும் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மாதங்களில் எச்பிஏ1சி இறங்குவதில் ஒரு பங்கு இரும்புச்சத்தால் வந்ததாக இருக்கலாம். அப்போது வீட்டு மானியின் இரண்டு மணி எண்களைத்தான் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கும்.